எல்லாப் பாயின்ட்டும் சரி, அப்புறம் ஏன் பாதியில் போகிறார்கள்?

மற்றவர்கள் எழுதும் விளக்கக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. சில மாதங்களுக்கு முன்பு ஒரு பட்டியல் கட்டுரை வந்தது. எழுதியவர் இந்த வேலைக்குப் புதியவர். தலைப்பு: ‘போன் பேட்டரி நீடித்து உழைக்க 15 வழிகள்’. எழுத்துப்பிழை இல்லை. மொழி சுத்தம். ஒவ்வொரு பாயின்ட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஏதோ ஒரு வகையில் சரிதான். ஆனாலும் ஆறாவது பாயின்ட்டைத் தாண்டுவதற்குள் என் விரல் தானாகவே திரையை வேகமாகத் தள்ள ஆரம்பித்துவிட்டது. படிப்பதற்குச் சம்பளம் வாங்கும் எனக்கே இப்படி என்றால், சும்மா படிக்க வருகிறவர் எதற்காக நிற்கப்போகிறார்?

இதற்கு முன்பு வேறொருவர் அந்தப் பிரதியைப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் ஆழமாக எழுதுங்கள்’ என்று ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார். எழுதியவரும் சொன்னபடி செய்திருந்தார். இரண்டு வரியில் இருந்த பாயின்ட்டுகள் ஐந்து வரி ஆகியிருந்தன. ‘இன்றைய அவசர உலகில் போன் இல்லாமல் ஒரு நொடிகூட இருக்க முடியாது’ என்கிற மாதிரி வாக்கியங்கள் ஒவ்வொன்றின் தலையிலும் ஏறி உட்கார்ந்திருந்தன. கட்டுரை இரண்டு மடங்கு நீண்டது, ஆழம் ஒரு விரற்கடைகூடக் கூடவில்லை. ஆழம் என்பதை எல்லோரும் நீளம் என்றுதான் புரிந்துகொள்கிறோம். நீளம் இல்லை என்றால் பின்னே எது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிவதில்லை. அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. பதில் அந்தப் பேட்டரிக் கட்டுரைக்குள்ளேயேதான் இருந்தது. அதனால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

ஒன்றையொன்று அறியாத பாயின்ட்டுகள்

பட்டியலின் முதல் பாயின்ட், திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். இரண்டாவது, டார்க் மோட் பயன்படுத்துங்கள். இணையத்தில் பேட்டரி பற்றி எழுதிய பாதிப் பேர் இதே வரிசையில்தான் எழுதியிருப்பார்கள். டார்க் மோட் பற்றி அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘டார்க் மோட் பேட்டரியை மிச்சப்படுத்தும். கண்களுக்கும் இதமானது. இப்போது எல்லாப் போன்களிலும் இந்த வசதி உண்டு.’

எவ்வளவு மிச்சம் ஆகும் என்று சும்மாதான் கேட்டேன். மறுநாள் அவர் ஒரு ஆய்வைத் தேடிக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்டது. ஓஎல்இடி திரை கொண்ட சில போன்களில், அன்றாடம் பயன்படுத்தும் செயலிகளை வைத்து அளந்திருக்கிறார்கள். வெளிச்சம் 100 சதவீதத்தில் இருக்கும்போது டார்க் மோடுக்கு மாறினால் சராசரியாக 39 முதல் 47 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமாகிறது. அதே போன்களில் வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் கிடைக்கும் மிச்சம் 3 முதல் 9 சதவீதம் மட்டும். தானியங்கி வெளிச்சத்தை விட்டுவைத்து, வீட்டுக்குள் உட்கார்ந்து போன் பார்க்கும் யாருக்கும் இந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும்.

இந்த எண்களைப் பட்டியலின் முதல் இரண்டு பாயின்ட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பாயின்ட் சொன்னபடி வெளிச்சத்தைக் குறைத்தவருக்கு, இரண்டாவது பாயின்ட்டால் கிடைப்பது கொஞ்சம்தான். முதலாவதைச் செய்ய முடியாத இடத்தில், அதாவது வெயிலில் நின்று வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்திருக்கும்போதுதான், இரண்டாவதற்கு உயிர் வருகிறது. அதிலும் திரை எல்சிடி வகை என்றால் கதையே வேறு. அங்கே பின்னாலிருந்து ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். படம் கறுப்பாக இருந்தாலும் விளக்கு அணையாது, அதனால் மிச்சம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி தருவது, அதனால் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்துவிட்டது என்று பொருள்.

எனக்கு விஷயம் பிடிபட்டது இந்த இடத்தில்தான். மெலிந்த பட்டியலில் முதல் பாயின்ட்டுக்கு இரண்டாவது பாயின்ட் இருப்பதே தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, ஒன்று மற்றொன்றின் பயனைச் சாப்பிட்டுவிடுகிறது, அதைச் சொல்ல ஆளில்லை. 15 பாயின்ட்டும் 15 வெவ்வேறு பக்கங்களிலிருந்து வந்து ஒரே பேருந்தில் ஏறிய பயணிகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. படிப்பவருக்கு இதைப் பெயரிட்டுச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் உணர முடியும். அடுத்த பாயின்ட்டைப் படிப்பதால் இதுவரை படித்தது மாறப்போவதில்லை என்று தெரிந்துவிட்டால் போதும். தலைப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டே இறங்கிவிடுவார்.

புதிதாக எழுதிய டார்க் மோட் பாயின்ட், ‘டார்க் மோட் வெயிலில்தான் வேலை செய்யும், அதுவும் ஓஎல்இடி திரையில்’ என்ற தலைப்போடு வந்தது. உள்ளே மூன்று விஷயங்கள் இருந்தன. ஏன் மிச்சமாகிறது, யாருக்கு மிச்சமாகாது, எவ்வளவு மிச்சமாகிறது. காரணம், எல்லை, அளவு. ‘கண்களுக்கும் இதமானது’ என்ற வரி போய்விட்டது, ஏனென்றால் தலைப்பு கேட்டது பேட்டரியைப் பற்றி. பழைய பாயின்ட்டைவிட நான்கைந்து வரிதான் அதிகம். ஆனால் இதைப் படித்தவர் முதல் பாயின்ட்டை மனதில் மறுபடி ஒருமுறை திருப்பிப் பார்ப்பார்.

இரண்டு கேள்விகள் ஒரே தலைப்பில்

ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் அடுத்தது கண்ணில் பட்டது. எட்டாவது பாயின்ட், பேட்டரியை 0 வரை இறங்க விடாதீர்கள். பதினைந்தாவது, மாதம் ஒருமுறை பேட்டரியை முழுதாக இறக்கி, பிறகு முழுதாக ஏற்றுங்கள். நேருக்கு நேர் முரண். ஒன்பதாவதோ 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள் என்கிறது. அதைக் கேட்டு நடந்தவருக்கு, சாயங்காலம் வரை சார்ஜ் நிற்க வேண்டும் என்பதற்காகச் சொன்ன முதல் ஏழு பாயின்ட்டுகளின் பலனில் ஒரு பங்கு காலையிலேயே போய்விடும்.

இது தகவல் பிழை இல்லை. ‘நீடித்து உழைக்க’ என்ற தலைப்புக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருந்தன. இன்று ஏற்றிய சார்ஜ் ராத்திரி வரை வருமா என்பது ஒன்று. இந்தப் பேட்டரி இன்னும் மூன்று வருஷம் தாங்குமா என்பது இன்னொன்று. வெளிச்சம், டார்க் மோட், வைஃபை, ஜிபிஎஸ், அதிர்வு, அறிவிப்புகள், பவர் சேவிங் போன்றவை முதல் கேள்விக்கான பதில்கள். சூடு, 80 சதவீதம், ராத்திரி முழுக்க சார்ஜில் விடுவது எல்லாம் இரண்டாவது கேள்விக்கு. தரமான சார்ஜர், மென்பொருள் புதுப்பிப்பு இரண்டும் எதிலும் சேரவில்லை.

பட்டியல் எழுத உட்காரும்போது முதலில் எண்ணை முடிவு செய்கிறோம், அப்புறம் அதை நிரப்பப் பாயின்ட் தேடுகிறோம். தேடும்போது ‘இது பேட்டரி சம்பந்தப்பட்டதா’ என்று மட்டும்தான் பார்க்கிறோம். அது மிக அகலமான சல்லடை, எதையும் உள்ளே விடும். ‘இது எந்தக் கேள்விக்குப் பதில்’ என்று பார்த்தால்தான் ஏதாவது தடுத்து நிற்கும். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் திரிகடுகம் இருக்கிறதே, அதன் ஒவ்வொரு வெண்பாவும் உண்மையில் மூன்று பொருள் கொண்ட ஒரு பட்டியல்தான். மூன்றைச் சொல்லிவிட்டு, ‘இம்மூன்றும்’ என்று சேர்த்து, இவை இன்னதைச் செய்யும் என்று ஒரே முடிப்பில் கட்டிவிடுகிறது. நம் தலைப்பிலும் அந்த முடிப்பு இருக்க வேண்டும். ‘இந்தப் பதினைந்தும்…’ என்று ஆரம்பித்து அந்த வாக்கியத்தை முடிக்கச் சொன்னேன். முடிக்க முடியவில்லை. அப்புறம் கட்டுரையை இரண்டாகப் பிரிப்பது என்று முடிவானது.

பதினைந்திலிருந்து மிஞ்சியது

இரண்டில் கடினமானது பேட்டரியின் ஆயுள் பற்றிய கட்டுரை. அதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். பழைய பட்டியலிலிருந்து அதற்கு வந்து சேர்ந்தவை ஐந்து: 0 வரை இறக்காதே, 80-ஐத் தாண்டாதே, ராத்திரி முழுக்க ஏற்றாதே, சூட்டில் வைக்காதே, மாதம் ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்று.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘ஏன்’ என்று எழுதச் சொன்னேன். ஆயுள் ஏன் குறைகிறது? லித்தியம் அயான் பேட்டரிக்குள் இருக்கும் திரவம் மின்முனைகளோடு மெதுவாக, வேண்டாத வேதிவினைகளில் ஈடுபட்டுக்கொண்டே இருக்கிறது. அதில் கொஞ்சம் லித்தியம் சிக்கிக்கொண்டு, இனி மின்சாரம் சுமக்க உதவாமல் போகிறது. சூடு ஏறினால் இந்த வினைகள் வேகமாகும். பேட்டரி முழுதாக நிரம்பி, அதன் மின்னழுத்தம் உச்சத்தில் இருந்தாலும் வேகமாகும். இந்தக் காரணத்தைப் பக்கத்தில் வைத்ததும் 80-ஐத் தாண்டாதே என்பதும், ராத்திரி முழுக்க ஏற்றாதே என்பதும் ஒரே பாயின்ட் என்று தெரிந்தது. 100-ஐத் தொடுவதைவிட 100-இலேயே மணிக்கணக்காக நிற்பதுதான் தொல்லை. அதனால்தான் பல போன்களில் ராத்திரி 80-இல் நிறுத்தி வைத்து, எழுந்திருக்கும் நேரத்தையொட்டி மீதியை ஏற்றும் வசதியே வந்திருக்கிறது. பழைய பட்டியலில் இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டிருந்தது ஒன்றாகிவிட்டது.

மாதம் ஒருமுறை முழுதாக இறக்குவது அடுத்துப் போனது. அப்படி இறக்கி ஏற்றினால் திரையில் தெரியும் சதவீதக் கணக்கு சீராகலாம், பேட்டரியின் ஆயுள் கூடாது. பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்கு நினைவு விளைவு என்று ஒரு சிக்கல் இருந்தது. பாதியில் பாதியில் ஏற்றினால் கொள்ளளவு குறைந்ததுபோல் நடந்துகொள்ளும். அந்தக் காலத்து அறிவுரை பேட்டரி மாறிய பிறகும் பட்டியலிலிருந்து பட்டியலுக்குத் தாவிக்கொண்டே வந்திருக்கிறது. காரணத்தைக் கேட்காமல் பாயின்ட்டை மட்டும் நகலெடுத்தால் இப்படித்தான் ஆகும். பட்டியலின் பாயின்ட் தலைமுறை தாண்டி வாழும், அதன் காரணம் வழியில் எங்கேயோ இறங்கிவிடும்.

0 வரை இறக்காதே என்பதும் ஆட்டம் கண்டது. திரை 0 என்று காட்டும்போது பேட்டரி உண்மையில் காலியாக இல்லை, ஆபத்தான அளவுக்கு இறங்கும் முன்பே உள்ளே இருக்கும் மின்சுற்று அதைத் துண்டித்துவிடுகிறது. எப்போதாவது ஒருநாள் போன் அணைந்துபோனதால் பெரிதாக எதுவும் ஆகாது. அணைந்த போனை மாதக்கணக்கில் அலமாரியில் போட்டு வைத்தால்தான் ஆகும். மெல்லக் கசிந்து இன்னும் கீழே போய், திரும்ப ஏற்ற முடியாத நிலைக்கு வரலாம். ஆக அந்தப் பாயின்ட், தினசரிப் பழக்கம் என்பதிலிருந்து ‘பழைய போனை எடுத்து வைக்கும்போது’ என்று இடம் மாறியது. பாதி அளவுக்கு ஏற்றி, அணைத்து, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள் என்று ஆனது.

“சார், இப்ப கையில இருக்கிறது மூணுதான். மூணு வழிகள்னு தலைப்பு வெச்சா யாரு உள்ள வருவாங்க?” என்றார். நியாயமான கேள்வி. பெரிய எண் உள்ளே வரவழைக்கும் என்ற நம்பிக்கை எழுதுபவர்களிடம் பலமாக இருக்கிறது. ஆனால் பட்டியல் சுருங்கிய பிறகு நடந்த ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. காரணம் கையில் இருந்ததால், அவரால் இப்போது புதிய பாயின்ட்டுகளைத் தானே கண்டுபிடிக்க முடிந்தது. சூடும் கெடுக்கும், நிரம்பி நிற்பதும் கெடுக்கும் என்றால், இரண்டும் ஒன்றாக நடக்கும் இடம் எது? சார்ஜில் போட்டுக்கொண்டே கேம் ஆடுவது. வெயிலில் நிற்கும் காரில் முழு சார்ஜோடு போனை விட்டுப் போவது. இது நான்காவது ஆனது. எந்தப் பழைய பட்டியலிலும் இப்படிச் சேர்த்துச் சொல்லி அவர் பார்த்ததில்லை.

ஐந்தாவது, அவருடைய சந்தேகத்திலிருந்தே வந்தது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் சார்ஜ் சுழற்சிகள் சீக்கிரம் தீர்ந்துவிடாதா? தீராது. இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் என்று செலவழித்து ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஒரு சுழற்சி. சொருகும் தடவைகளுக்குக் கணக்கு இல்லை. அதனால் ‘அடிக்கடி சொருகுவதற்குப் பயப்பட வேண்டாம்’ என்று ஒரு பாயின்ட். இது செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. படிப்பவர் தலையிலிருந்து ஒரு பாரத்தை இறக்கி வைக்கிறது. ஒரு பட்டியலில் இப்படி ஒன்றாவது இருந்தால் மற்றவற்றின் மேல் நம்பிக்கை வருகிறது என்பது என் கணிப்பு. எல்லாவற்றையும் செய்யச் சொல்கிறவரைவிட, இதை விட்டுவிடலாம் என்று ஒன்றையாவது சொல்கிறவர் யோசித்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

தலைப்பில் எண் கடைசியாகத்தான் ஏறியது: 5.

வரிசை

ஐந்தையும் எப்படி வரிசைப்படுத்துவது என்பதில் கொஞ்சம் வாக்குவாதம். எளிதானது முதலில் வரட்டும் என்றார் அவர். பாதிப்பு பெரியதிலிருந்து வரட்டும் என்றேன் நான். வரிசை ஏதாவது வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி, இரண்டு பாயின்ட்டுகளை இடம் மாற்றிப் பார்ப்பது. மாற்றியும் ஒன்றும் உறுத்தவில்லை என்றால் வரிசை சும்மா ஒப்புக்கு இருக்கிறது. பழைய பதினைந்தைக் குலுக்கிப் போட்டாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. புதிய ஐந்தில் சூடு முதலில் வந்தாக வேண்டும், நிரம்பி நிற்பது இரண்டாவது, இரண்டும் சேரும் இடம் மூன்றாவது. மூன்றாவதை முன்னால் கொண்டுவந்தால் அது வெறும் எச்சரிக்கை ஆகிவிடும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க முடியாது. பட்டியலைப் படிப்பவர் முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1997-இல் செய்த ஆய்விலேயே, இணையப் பக்கங்களில் 79 சதவீதம் பேர் மேலோட்டமாகக் கண்ணை ஓட்டினார்கள், 16 சதவீதம் பேர்தான் வார்த்தை வார்த்தையாகப் படித்தார்கள். 2006-இல் அவருடைய நிறுவனம் கண்ணசைவை அளந்தபோது, பார்வை ஆங்கில எழுத்தான F வடிவத்தில் நகர்வதாகக் கண்டார்கள். மேலே நீளமாக, அடுத்து கொஞ்சம் குறைவாக, அப்புறம் இடப்பக்க ஓரமாகக் கீழே. அப்படி இறங்குகிறவர் மூன்றாவது பாயின்ட்டில் திடீரென்று நின்றால், அங்கே ‘மேலே சொன்னபடி’ என்று எழுதியிருப்பது அவருக்கு மூடிய கதவு. ஆகவே பாயின்ட்டுகள் ஒன்றோடொன்று பேச வேண்டும், ஆனால் ஒவ்வொன்றும் தனியாகவும் நிற்க வேண்டும். மூன்றாவது பாயின்ட்டில் காரணத்தை ஒரே வாக்கியத்தில் திரும்பச் சொன்னோம்: ‘சூடும் நிரம்பிய பேட்டரியும் தனித்தனியே கெடுப்பவை, இங்கே இரண்டும் சேருகின்றன.’ முழுதும் படித்தவருக்கு இது அலுப்பு தராது, நடுவில் வந்தவருக்கு இது போதும்.

இந்த இரட்டை நிபந்தனையை நிறைவேற்றவே முடியவில்லை என்றால், அந்த விஷயம் பட்டியலுக்கு உரியது இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் முந்தைய மூன்றும் கட்டாயம் தேவைப்படுகிறது என்றால் அது தொடர்ச்சியான கட்டுரை, எண்களை எடுத்துவிட்டு எழுதுவதே நல்லது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தே ஆக வேண்டும் என்றால் அது செய்முறை. பட்டியல் என்பது, எங்கிருந்து நுழைந்தாலும் ஏதோ கிடைக்கும், எல்லாவற்றையும் படித்தால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்ற இடத்தில்தான் பொருந்துகிறது.

ஓரமாக இறங்கும் கண்ணுக்குத் தலைப்பின் முதல் இரண்டு மூன்று சொற்கள்தான் தெரியும். பழைய பட்டியலில் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் குறையுங்கள், அணையுங்கள், தவிருங்கள், மூடுங்கள் என்று காதில் ஒரே தாளம். புதியவற்றை முழு வாக்கியமாக எழுதினார். ‘35 டிகிரியைத் தாண்டிய சூடு திரும்பி வராத சேதம்.’ ஆப்பிள் தன் கருவிகளை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. அதற்கு மேல் போனால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்றும் எச்சரிக்கிறது. அந்த எண் பாயின்ட்டுக்குள் எங்கேயோ புதைந்திருந்ததை எடுத்துத் தலைப்பின் முன்னால் வைத்ததில், தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவரும் வெறுங்கையோடு போகவில்லை. இதைக் கேட்டு, தலைப்பிலேயே எல்லாம் சொல்லிவிட்டால் உள்ளே ஏன் படிப்பார்கள் என்று சிலர் கவலைப்படுவார்கள். 35 என்று பார்த்தவருக்கு அடுத்து எழும் கேள்வி ‘ஏன் 35, என் போனுக்கும் அதுதானா’ என்பது. ‘சூட்டைத் தவிருங்கள்’ என்று பார்த்தவருக்கு எந்தக் கேள்வியும் எழாது, அவருக்கு அது முன்பே தெரியும்.

நீளமும் ஒரே மாதிரி இல்லாமல் போனது. சூடு பற்றிய பாயின்ட் மூன்று பத்தி, அடிக்கடி சொருகுவது பற்றியது நான்கே வரி. சமமாக இல்லையே என்று அவருக்கு ஆரம்பத்தில் தயக்கம். எல்லாப் பாயின்ட்டும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். உலகத்தில் எந்த விஷயமும் ஐந்து சம துண்டாக வெட்டி வைக்கப்பட்டிருக்காது, ஏதோ ஒன்றை இழுத்தும் ஏதோ ஒன்றை நறுக்கியும்தான் அந்தச் சமம் வந்திருக்கும்.

எங்கே போனார்கள் என்று பார்ப்பது

கட்டுரை வெளியான பிறகு, படித்தவர்கள் எங்கே நின்றார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவோம். தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-ஐ அப்படியே வைத்திருந்தால் இது தெரியாது. அதில் இயல்பாகப் பதிவாகும் ‘scroll’ என்ற நிகழ்வு, ஒருவர் பக்கத்தின் 90 சதவீத ஆழத்தை முதல்முறை தொடும்போது மட்டுமே பதிவாகும். தொடவில்லை என்றால், இரண்டாவது பாயின்ட்டில் போனாரா நான்காவதில் போனாரா என்று சொல்லாது. எதையெல்லாம் பதிவுசெய்ய வேண்டும் என்று அமைக்க உதவும் கூகுளின் டேக் மேனேஜர் வழியாக 25, 50, 75 சதவீதம் என்று வைக்கலாம். ஆனால் சதவீதம் என்பது பக்கத்தின் மொத்த நீளத்துக்கானது. கட்டுரைக்குக் கீழே கருத்துகளும் மற்ற இணைப்புகளும் நீளமாகத் தொங்கினால் 50 சதவீதம் என்பதே கட்டுரையின் முடிவாக இருக்கலாம். அதனால் ஒவ்வொரு பாயின்ட்டின் தலைப்பும் திரையில் தெரிந்தால் பதிவாகும்படி வைப்பதுதான் பட்டியலுக்குச் சரிவரும். அப்போதுகூடக் கவனம் தேவை. கடைசித் தலைப்பு தெரிந்தது என்பதால் நடுவில் படித்தார் என்று ஆகாது, வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்திருக்கலாம். இரண்டு தலைப்புகளுக்கு நடுவே ஆன நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு புரியும்.

இந்தக் கணக்கெல்லாம் போடாமலே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது, எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை அதிகம். விஷயம் கொஞ்சம் தெரிந்த ஒருவரிடம் கட்டுரையைக் கொடுத்து, முன்பே தெரிந்த வரிகளை அடித்துவிடச் சொல்வது. பழைய பதினைந்தைக் கொடுத்திருந்தால் கிட்டத்தட்ட முழுப் பக்கமும் கோடாகத் திரும்பியிருக்கும். புதியதில் அடிபட்டவை சூட்டைப் பற்றிய முதல் பத்தியும், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில வரிகளும்தான். அந்த முதல் பத்தியையும் பிறகு எடுத்துவிட்டோம்.

எதிலும் சேராமல் நின்ற இரண்டில், மென்பொருள் புதுப்பிப்பை அவர் எளிதாகக் கைகழுவிவிட்டார். தரமான சார்ஜரை விட மனமில்லை. “அது முக்கியம் சார், அதை எப்படி விடறது?” என்றார். முக்கியம்தான், ஆனால் எந்தக் கேள்விக்கு? எவ்வளவு மின்சாரத்தை உள்ளே எடுப்பது என்பதைப் போனுக்குள் இருக்கும் சுற்றுதான் பெரும்பாலும் கட்டுப்படுத்துகிறது. போலி சார்ஜரின் முதல் ஆபத்து பேட்டரியின் ஆயுளுக்கு இல்லை, கையில் பிடித்திருக்கும் ஆளுக்கு. வீட்டு மின்சாரத்துக்கும் போனுக்கும் நடுவே இருக்க வேண்டிய காப்பு சரியாக இல்லாமல் போவதுதான் அதில் பெரிய விஷயம். இது மூன்றாவது கேள்வி, மூன்றாவது கட்டுரை. அதை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார். காரணத்தோடு தேறிய பாயின்ட் இதுவரை இரண்டுதான், தலைப்பில் எண் போடும் இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்.